வேர்டில் அடித்த அழைப்பிதழை வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே படமாக ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த அழைப்பிதழ், குழுவில் போட்டதும் பொடி எழுத்தாகிவிட்டது. ஏன்?

தாளின் அகலம்தான் காரணம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். நம் கையில் இருக்கும் 6.5 அங்குல போனின் திரை அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. அந்தத் தாள் முழுவதும் திரையில் தெரிய வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் ஆக வேண்டும். வேர்டில் நீங்கள் 12 பாயிண்டில் அடித்த வரி, பார்ப்பவர் கையில் 4 பாயிண்டாக நிற்கிறது. வாட்ஸ்அப்பில் நாம் தினமும் படிக்கும் சாதாரணச் செய்தி எழுத்தே 7, 8 பாயிண்ட் அளவில் இருக்கிறது. அதில் பாதிதான் உங்கள் அழைப்பிதழ் எழுத்து.

விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். சிலர் பார்ப்பார்கள். ஆனால் வயதானவர்கள் பலர் படத்தைத் தொட்டுத் திறப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு ஏ4 தாளை அப்படியே படமாக்கி அனுப்பினேன். மறுநாள் காலையில் பெரியப்பா போன் செய்து, "ஆறரையா, எட்டரையாப்பா? ஒண்ணும் புரியலையே" என்றார். அந்தச் சின்ன அளவில், படம் சுருங்கி நசுங்கிய பிறகு 6-க்கும் 8-க்கும் உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இதை முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

சரி, தாள் அளவை என்ன வைப்பது?

போனின் அகலத்தையே தாளின் அகலமாக வையுங்கள். 7 செ.மீ. அகலம், 9.3 செ.மீ. உயரம். வேர்டில் `Layout > Size > More Paper Sizes` போய் `Width`, `Height` இரண்டையும் மாற்றலாம். அங்குலத்தில் காட்டினாலும் கவலையில்லை, பெட்டியில் `7 cm` என்று அடித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். `Margins` நான்கு பக்கமும் 0.6 செ.மீ. வையுங்கள். அச்சுப்பொறியின் எல்லைக்கு வெளியே ஓரம் போகிறது என்று ஒரு எச்சரிக்கை வந்தால் `Ignore` கொடுத்துவிடலாம். இது அச்சுக்குப் போகாத தாள்.

இவ்வளவு சின்னத் தாளா என்று முதலில் தயக்கமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வேர்டில் 9 பாயிண்ட் என்றால் போனிலும் 9 பாயிண்ட். மனக்கணக்கு எதுவும் வேண்டாம். உங்கள் போனை மானிட்டரின் மேல் வைத்துப் பிடியுங்கள். தாளின் அகலமும் போனின் அகலமும் ஒன்றாகும் வரை கீழே இருக்கும் ஜூம் பட்டையை நகர்த்துங்கள். இப்போது திரையில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் அத்தை கையில் தெரியப்போவது. கையை நீட்டிப் போன் பிடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏ4-இல் அடித்து முடித்த கோப்பு என்றால், அதில் தாள் அளவை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் கலைந்து நான்கைந்து பக்கமாக ஓடும். புதுக் கோப்பு திறந்து, தாளை அமைத்து, வாசகத்தை மட்டும் அதில் ஒட்டுங்கள். ஒட்டும்போது `Keep Text Only` கொடுப்பது நல்லது.

ஸ்டேட்டஸ் மாதிரி இன்னும் உயரமாக வைத்தால் முழுத் திரையும் நிரம்புமே?

ஸ்டேட்டஸில் வைப்பதற்கு அது சரி. குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குழு உரையாடலில் படம் முதலில் ஒரு பெட்டிக்குள்தான் தெரியும். மிக உயரமான படமென்றால் அந்தப் பெட்டியில் மேலும் கீழும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் தெரியும். தலைப்பு மேலே, இடம் கீழே என்று வைத்திருந்தால் இரண்டுமே மறைந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் படம் அனுப்பும்போது நீளமான பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கும் நம் தாளை அங்குலத்துக்கு 400 பிக்சல் என்று படமாக்கினால் 1100-க்கு 1465 வரும். 1600-க்குள் இருப்பதால் அளவு சுருங்காமலே போய்ச் சேரும். ஒன்பதுக்குப் பதினாறு என்று உயரமாக வைத்தால் உயரம் 1950-ஐத் தாண்டும். அதைச் சுருக்கும்போது அகலம் 900 ஆகிவிடும். எழுத்துக் கூர்மையில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் அழைப்பிதழில் வாசகம் நிறைய. இந்தச் சின்னத் தாளில் எப்படி அடங்கும்?

முழுதும் அடங்காது. அடக்கவும் கூடாது. இந்த வேலையில் கடினமான பகுதியே இதுதான், வேர்ட் பட்டன்கள் அல்ல.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். ஓரம் போக 8.1 செ.மீ. உயரம் மிஞ்சுகிறது. அது ஏறத்தாழ 230 பாயிண்ட். தலைப்புக்கு ஒரு 30, தேதிக்கும் நேரத்துக்கும் பெரிய எழுத்தில் இரண்டு வரி என்று ஒரு 44 போனால், நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் விட்டு, 9 பாயிண்டில் பத்து வரி வைக்கலாம். ஒரு வரியில் மூன்று சொல். ஆக மொத்தம் நாற்பது சொல்லுக்குள் அழைப்பு முடிய வேண்டும்.

என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்த வாசகத்தை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையார் சுழி, "ஸ்ரீ விநாயகர் துணை", "அன்புடையீர் வணக்கம்", பிறகு "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி வருடம், மாதம், திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் சேர்ந்த ஒரே நீள வாக்கியம், "இறைவன் திருவருளாலும் பெரியோர்கள் நல்லாசியாலும்", கடைசியில் "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து". அச்சு அழைப்பிதழில் இதெல்லாம் இருப்பதுதான் அழகு, அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவில், பதினைந்தாவது சொல்லுக்குப் பக்கத்தில், தேதி ஒளிந்திருந்தது. நேரம் அதற்கும் அடுத்த வரியில். போனில் பார்ப்பவர் தேடுவது அந்த இரண்டைத்தான்.

படத்துக்கு நான் வைத்தது இப்படி:

> உ
>
> புதுமனை புகுவிழா
>
> 23.08.2026, ஞாயிறு
> காலை 7.30 – 8.30
>
> மதுரையில் நாங்கள் கட்டியுள்ள
> புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம்.
> குடும்பத்தோடு வந்திருந்து
> வாழ்த்த வேண்டுகிறோம்.
>
> (வீட்டு எண், தெரு)
> (ஊர், அடையாளம்)
>
> அன்புடன்
> (வீட்டார் இருவர் பெயர்)
>
> காலைச் சிற்றுண்டி உண்டு

தலைப்பு 18 பாயிண்ட், தேதியும் நேரமும் 14 பாயிண்ட் தடித்த எழுத்து, மற்றவை 9. கடைசி வரி மட்டும் 8. எட்டுக்குக் கீழே எதையும் இறக்கவில்லை. நட்சத்திரமும் லக்னமும் கேட்பவர்களுக்கு அச்சு அழைப்பிதழ் போகிறது. முகூர்த்த நேரம் இங்கேயே இருக்கிறது.

தேதியின் பக்கத்தில் கிழமையைக் கட்டாயம் போடுங்கள். எண்ணைத் தவறாக அடித்திருந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். அடையாளத்துக்கு "பிள்ளையார் கோவில் பின்புறம்" மாதிரி ஒரே ஒரு இடம் போதும். பேருந்து எண், ஆட்டோ கட்டணம், எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பதெல்லாம் செய்தியாகத் தனியே போகட்டும்.

மாமா, சித்தப்பா பெயரெல்லாம் விட்டால் வருத்தப்படுவார்களே?

படுவார்கள், அந்த வருத்தம் நியாயமானதும்கூட. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்குக் கீழே பெயர் இருப்பது ஒரு மரியாதை. அதனால்தான் பாதிப் பெயரை மட்டும் படத்தில் வைக்காதீர்கள் என்கிறேன். அழைப்பவர் பெயர் மட்டும் இருந்து, "உற்றார் உறவினர்" என்று ஒரு வரி வந்தால் யாரும் விடுபட்டவர் ஆவதில்லை. மூன்று மாமா பெயர் இருந்து நான்காமவர் பெயர் இல்லாமல் போனால்தான் பிரச்சினை.

இருபது பெயரையும் 5 பாயிண்டில் அடுக்கி வைப்பது தீர்வு ஆகாது. யாராலும் படிக்க முடியாத பெயர் மரியாதை தருவதில்லை. அச்சு அழைப்பிதழைப் பிடிஎஃப்பாகத் தனியே அனுப்புங்கள், பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது போதுமானதாக இருந்தது.

எந்த எழுத்துரு நல்லது? எண்கள் மட்டும் வேறு மாதிரி, வேறு அளவில் வருகிறதே?

சிறிய எழுத்துக்கு விண்டோஸிலேயே வரும் `Nirmala UI` நன்றாக இருக்கிறது. தனியாக இறக்கிக்கொள்வதாக இருந்தால் `Noto Sans Tamil`, `Mukta Malar`, `Hind Madurai` மூன்றும் சின்ன அளவில் தெளிவானவை. `Baloo Thambi` மாதிரி கொழுத்த எழுத்தைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள். மெலிந்த கோடு உள்ள எழுத்துருவை விவரங்களுக்கு வைக்காதீர்கள். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். படம் நசுங்கும்போது க், ப், ட் எல்லாம் க, ப, ட ஆகிவிடும். அடுத்து ண-வின் சுழியும் ன-வின் சுழியும் ஒன்றாகக் குழம்பும்.

எண்கள் மாறுவதற்குக் காரணம், வேர்ட் தமிழை ஒரு வகை எழுத்தாகவும் எண்களை ஆங்கில வகை எழுத்தாகவும் கணக்கு வைத்திருப்பதுதான். ஒரே வரியில் தமிழுக்கு ஒரு எழுத்துரு, எண்ணுக்கு இன்னொன்று என்று இரண்டு அமைப்பு ஓடுகிறது. வரியைத் தேர்ந்துகொண்டு `Ctrl+D` அழுத்துங்கள். வரும் பெட்டியில் `Latin text` என்ற பகுதியிலும் `Complex scripts` என்ற பகுதியிலும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே தடிமன் கொடுங்கள். தேதியும் நேரமும் உடனே ஒரே குடும்பத்து எழுத்தாகிவிடும்.

டிடிபி கடையில் கொடுத்த வேர்ட் கோப்பைத் திறந்தால் jpUkz miog;gpjo; என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது "திருமண அழைப்பிதழ்". பாமினி வகையில் அடித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் மாட்டிவைத்த பழைய முறை அது. அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாததால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது.

பாமினி எழுத்துருவை நிறுவினால் அந்தக் கோப்பு சரியாகத் தெரியும். படமாக்கிய பிறகு யார் போனிலும் எழுத்துரு தேவையில்லை, ஆகவே பாமினியிலேயே வைத்துப் படமாக்கினாலும் தவறில்லை. ஆனால் நாம் எப்படியும் வாசகத்தைச் சுருக்கித் திரும்ப அமைக்கப்போகிறோம். நாற்பது சொல்தானே, யூனிகோடில் புதிதாக அடித்துவிடுவதுதான் சுலபம். அதே வாசகத்தைப் படத்தோடு செய்தியாகவும் ஒட்டலாம் என்பது கூடுதல் பலன். பாமினியில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடியும் அந்த ஆங்கிலக் குழப்பம்தான் வரும். வேறு கடையில் வேறு பழைய முறையில் அடித்திருக்கலாம். மாற்றியில் போட்டு எடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், ஸ்ரீ, ஷ மாதிரி கிரந்த எழுத்துகளில் பிழை வர வாய்ப்பு அதிகம்.

வரி கண்ட இடத்தில் உடைகிறது. சில எழுத்துகளின் தலை வெட்டுப்படுகிறது. எப்படிச் சரிசெய்வது?

வரி உடைவதை வேர்டிடம் விடாதீர்கள். இவ்வளவு குறுகிய தாளில் ஒவ்வொரு வரியையும் நீங்களே பொருள் பார்த்து உடைக்க வேண்டும். உடைக்க வேண்டிய இடத்தில் `Shift+Enter`. பெயரின் தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் நிற்காமல் இருக்க, நடுவில் `Ctrl+Shift+Space` கொடுங்கள். "காலை" என்ற சொல்லுக்கும் "7.30"-க்கும் நடுவிலும் அப்படியே. வரிகளுக்கு நடுவில் இடைவெளி வேண்டுமென்று என்டரைத் தட்டிக்கொண்டே போனால், பின்னால் ஒரு சொல் மாற்றும்போது எல்லாம் நகர்ந்து கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். `Layout`-இல் இருக்கும் `Spacing Before`, `After` பெட்டிகளில் 4, 6 என்று கொடுப்பதுதான் நிலையாக நிற்கும்.

தலை வெட்டுப்படுவது பெரும்பாலும் `Line spacing` `Exactly` என்று இருப்பதால். தமிழ் எழுத்து மேலே கொம்பும் கீழே சுழியுமாக ஆங்கிலத்தைவிட அதிக உயரம் கேட்கும். கீ, லீ எழுத்துகளின் மேல்பகுதியும் கூ, மூ எழுத்துகளின் கீழ்ப்பகுதியும்தான் முதலில் போகும். `Multiple` என்று மாற்றி 1 அல்லது 1.1 கொடுங்கள்.

பின்னணிக்கு நிறம் கொடுத்தேன். பிடிஎஃப்பில் வெள்ளையாகிவிட்டது. எந்த நிறம் நல்லது?

`Page Color` மூலம் கொடுக்கும் நிறம் வேர்டின் அமைப்பைப் பொறுத்து வெளியே வராமல் போகலாம். அதைவிட உறுதியான வழி, தாளை முழுதும் மூடும் ஒரு செவ்வகம் வரைந்து, நிறம் கொடுத்து, `Behind Text` என்று பின்னால் தள்ளுவது. மேலே ஓரத்தில் இருமுறை தட்டி ஹெடரைத் திறந்து அதற்குள் அந்தச் செவ்வகத்தை வைத்தால், பின்னால் வாசகத்தைத் திருத்தும்போது அது நகராது.

நிறத் தேர்வுக்கு ஒரு காரணம் சொல்கிறேன், அலங்காரத்துக்காக அல்ல. வாட்ஸ்அப் படத்தை ஜேபெக்காக மாற்றி அனுப்புகிறது. அந்த முறை வெளிச்சம், இருட்டு வேறுபாட்டை நுணுக்கமாகக் காக்கிறது, நிற வேறுபாட்டைக் கொஞ்சம் கரடாகத்தான் வைத்துக்கொள்கிறது. வெளிர் மஞ்சளில் அடர் குங்கும நிற எழுத்து என்றால் நிறமும் வேறு, வெளிச்சமும் வேறு, எழுத்து கூர்மையாக நிற்கும். பச்சையில் சிவப்பு என்றால் நிறம்தான் வேறு, வெளிச்சம் ஏறத்தாழ ஒன்று. எழுத்தின் ஓரம் கசிந்த மை மாதிரி ஆகிவிடும். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து அப்போதும் பளிச்சென்று தெரிந்தால் சரி.

பூ வேலைப்பாட்டை எழுத்துக்குப் பின்னால் போடாதீர்கள். ஓரத்தில் இருக்கட்டும்.

விநாயகர் படமும் வீட்டுப் புகைப்படமும் வைத்தேன். எழுத்து தெளிவு, படம் மட்டும் மங்கல். ஏன்?

வேர்ட் கோப்பைச் சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 பிக்சல் என்ற அளவுக்குக் குறைத்துவிடும் வழக்கம் உண்டு. ஏ4-இல் அது போதும். நம் 7 செ.மீ. தாளில் முழு அகலப் படம் 600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. நாம் அதை 1100 பிக்சலுக்கு இழுக்கிறோம். எழுத்து எந்த அளவிலும் கூர்மையாக வரையப்படும், படம் அப்படி வராது.

`File > Options > Advanced` போய், `Image Size and Quality` என்ற பகுதியில் `Do not compress images in file` என்பதைத் தேர்ந்துவிட்டு, படத்தை அழித்து மறுபடி செருகுங்கள். முன்பே சுருங்கிய படம் தானாகத் திரும்பி வராது. புகைப்படமே முக்கியம் என்றால் தாளையும் எழுத்தையும் இரண்டு மடங்காக்கி, 14-க்கு 18.6 செ.மீ., 18 பாயிண்ட் என்று வைத்து, படமாக்கும்போது 400-க்குப் பதில் 200 கொடுங்கள். கணக்கு ஒன்றுதான், புகைப்படத்துக்கு இடம் கிடைக்கும்.

வேர்டில் படமாகச் சேமிக்க வழியே இல்லையே. ஸ்கிரீன்ஷாட்தான் ஒரே வழியா?

பக்கத்தை நேரே படமாகச் சேமிக்கும் வழி வழக்கமான `Save As` பட்டியலில் இல்லை, உண்மைதான். கம்ப்யூட்டர் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது பலர் செய்வது. ஆனால் சாதாரண மடிக்கணினியின் திரை உயரம் 1080 பிக்சல். மேலே பட்டை, கீழே பட்டை போக 850 மிஞ்சும். அதில் தாள் முழுதும் அடங்கினால் அகலம் 640 பிக்சல்தான். நமக்கு வேண்டியது 1100. அதோடு, தப்பாக அடித்த சொல்லின் கீழே வரும் சிவப்பு நெளிகோடும் படத்தில் சேர்ந்து வரும். தமிழ் பெயர்களுக்கு அது நிறையவே வரும்.

எதுவானாலும் முதல் படி பிடிஎஃப். `File > Save As` போய் `PDF` தேர்ந்து, `Standard` என்ற தரத்தைக் கொடுங்கள். `Minimum size` வேண்டாம்.

பிறகு மிகச் சுலபமான வழி: அந்தப் பிடிஎஃப்பை உங்கள் போனுக்கு அனுப்பித் திறந்து, போனில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போன் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம், தாள் அதை முழுதாக நிரப்பும். மேலே கீழே இருக்கும் பட்டைகளை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. மென்பொருள் எதுவும் தேவையில்லாததால் அவசரத்துக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

மேக் வைத்திருந்தால் பிரிவியூவில் பிடிஎஃப்பைத் திறந்து `File > Export`, `Format` என்ற இடத்தில் `PNG`, `Resolution` 400. விண்டோஸில் கிம்ப் இருந்தால், பிடிஎஃப்பைத் திறக்கும்போதே `Resolution` கேட்கும், அங்கேயும் 400. கட்டளை அடிக்கத் தெரிந்தவர்கள் பாப்ளர் நிறுவி இப்படிச் செய்யலாம்:

```
pdftoppm -r 400 -png -singlefile azhaippu.pdf azhaippu
```

`azhaippu.png` என்று ஒரு கோப்பு வரும். 400-ஐ விட்டுவிட்டால் அது 150 என்று எடுத்துக்கொள்ளும். ஏ4-க்கு அது சமாளிக்கும், நம் தாளுக்கு 413 பிக்சல் அகலம்தான் வரும். இணையத்தில் இருக்கும் மாற்றிகளிலும் இதே விபத்து நடக்கும், அதனால் எதில் மாற்றினாலும் முடிவில் கோப்பின் மேல் வலது கிளிக், `Properties`, `Details` பார்த்து அகலம் 1000-க்கு மேல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வீட்டு முகவரியும் போன் எண்ணும் உள்ள கோப்பைத் தெரியாத தளத்தில் ஏற்றுவதையும் நான் விரும்புவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வேர்டில் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் வலது கிளிக் செய்து `Save as Picture` கொடுப்பவர்கள் உண்டு. பெட்டிக்குப் பின்னணி நிறம் இல்லையென்றால் படம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். கறுப்புத் திரை வைத்திருப்பவர் போனில் கறுப்பின் மேல் கறுப்பு எழுத்தாகிவிடலாம். வெள்ளையே வேண்டுமென்றாலும் வெள்ளை நிறத்தை நிரப்பிவிடுங்கள்.

போட்டோவாக அனுப்புவதா, டாக்குமென்ட்டாகவா? ஹெச்டி என்று வருகிறதே, அது வேண்டுமா?

போட்டோவாகத்தான். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது, ஆனால் குழுவில் ஒரு கோப்புப் பெயராக நிற்கும், பலர் திறக்க மாட்டார்கள். 2023-இலிருந்து வந்திருக்கும் ஹெச்டி தேர்வை அனுப்பும்போது மேலே தொட்டுக்கொள்ளலாம், எழுத்துள்ள படத்துக்கு அது நல்லது. ஆனால் மேலே சொன்ன அளவில் செய்திருந்தால் ஹெச்டி இல்லாமலும் தெளிவாகவே போகும். மறந்துவிட்டால் பதற வேண்டாம்.

உறவினர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டுமானால் ஃபார்வர்ட் செய்யட்டும். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி போட்டால் ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை நசுங்கும். மூன்றாவது குழுவுக்குப் போகும்போது புள்ளிகள் எல்லாம் போயிருக்கும்.

மேப் இணைப்பையும் கியூஆர் கோடையும் படத்திலேயே வைத்துவிடலாமா?

வேண்டாம். படத்தில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் எதுவும் திறக்காது. கியூஆர் கோடு அச்சு அழைப்பிதழுக்குப் பொருத்தம். போனில் இருக்கும் கோடை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? படத்தில் வேறு வழியாக அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

படத்தை அனுப்பும் முன் கீழே `Add a caption` என்று வரும் இடத்தில் மேப் இணைப்பு, போன் எண், தேதி மூன்றையும் தட்டச்சு செய்யுங்கள். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும், இணைப்பைத் தொட்டால் வழி திறக்கும். தேதியை எழுத்தாகவும் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து நாள் கழித்து ஒருவர் குழுவில் "புதுமனை" என்று தேடினால், படத்துக்குள் இருக்கும் எழுத்து கிடைக்காது, கேப்ஷனில் இருப்பது கிடைக்கும். கேப்ஷனில் அந்தச் சொல்லும் இருக்கட்டும்.

குழுவில் போடும் முன் எதைச் சரிபார்ப்பது?

முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் மூலப்படம் தெளிவாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, நசுங்கி வந்து சேர்ந்ததைத்தான் பார்க்க வேண்டும். படத்தைத் திறக்காமல் பெட்டியிலேயே தலைப்பும் தேதியும் படிக்க முடிகிறதா? திறந்ததும், விரல் வைக்காமல் முகவரி படிக்க முடிகிறதா? 3, 6, 8 மூன்றும் வேறு வேறாகத் தெரிகிறதா?

பிறகு வீட்டில் கண்ணாடி போட்டுப் படிப்பவர் ஒருவர் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நாம் அடித்ததை நாம் படிக்கும்போது பிழை கண்ணில் படாது. என் அம்மா படித்தபோதுதான், தெருப் பெயரில் ஒரு ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது தெரிந்தது.

அனுப்பிவிட்டோம். ஐயர் நேரத்தை மாற்றிவிட்டார். இப்போது என்ன செய்வது?

அனுப்பி இரண்டு நாள் ஆகவில்லையென்றால் `Delete for everyone` கொடுத்துக் குழுவிலிருந்து பழைய படத்தை எடுத்துவிடலாம். ஆனால் அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால் அந்தப் படம் அங்கே அப்படியே இருக்கும். அதைத் தடுக்க வழியில்லை.

ஆகவே புதிய படம் பழைய படம் மாதிரியே இருக்கக் கூடாது. நேரத்தை மட்டும் மாற்றி அதே மஞ்சளில் அனுப்பினால், ஏற்கெனவே வந்ததுதானே என்று திறக்காமல் கடந்துவிடுவார்கள். ஹெடரில் இருக்கும் செவ்வகத்தின் நிறத்தை மாற்றுங்கள். மஞ்சளுக்குப் பதில் வெளிர் நீலம். தலைப்புக்கு மேலே "நேரம் மாற்றம்" என்று 12 பாயிண்டில் ஒரு வரி. கேப்ஷனில் "மஞ்சள் நிற அழைப்பிதழில் இருந்த நேரம் மாறியிருக்கிறது, இதில் உள்ளதே சரி" என்று எழுதுங்கள். கட்டாயம் வர வேண்டிய பத்துப் பேருக்கு மட்டும் போன் செய்து வாயால் சொல்லிவிடுங்கள்.